அலையின் உயரம் அல்ல, அதன் காரணம்: நம்பும்படியான வெள்ளப் படங்களைத் தெரிவு செய்வது எப்படி

திகிலுக்காகப் படம் தேடுகிறவர்கள் பெரும்பாலும் போஸ்டரில் உள்ள அலையின் உயரத்தைப் பார்த்துத்தான் படத்தை எடுக்கிறார்கள். கட்டடத்துக்கு மேலாக எழும் அலை என்றால் நல்ல படம், இன்னும் பெரிய அலை என்றால் இன்னும் நல்ல படம் என்று கணக்குப் போடுகிறார்கள். பிறகு அரைமணித்தியாலத்தில் அலுத்துப் போகிறது. கொக்கிளாயிலிருந்து முல்லைத்தீவு ஊடாகச் சாலை என்ற ஊர் வரையான கரையில் 2004 டிசம்பர் 26ஐ நேரே கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடல் எப்படி ஏறும் என்று அறிந்த கண்ணுக்குப் பொய்யான அலை உடனே பிடிபடும். பிடிபட்டால் பயமும் அந்த இடத்திலேயே விட்டுப்போகும்.

பேரிடர்ப் படங்கள் பல வகை. நெருப்பு, பனி, விண்வெளி, குகை என்று எத்தனையோ உண்டு. இங்கே தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். விஞ்ஞானம் சரியா என்று படம் பார்க்கும் முன்னரே ஓரளவு கண்டுபிடிக்கக்கூடிய வகை இது. அதற்குப் பௌதிகவியல் பட்டம் தேவையில்லை. ஒரு ட்ரெய்லர், கதைச்சுருக்கம், கைத்தொலைபேசியில் உள்ள கல்குலேற்றர் போதும்.

முதலில், தண்ணீரைத் தள்ளியது எது?

கதைச்சுருக்கத்தை வாசித்து இந்த ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள். படங்களில் வரும் பெருந்தண்ணீர் அனேகமாக நான்கில் ஒரு காரணத்தால் வரும்: கடலடி நிலநடுக்கம், மலைச்சரிவு, புயற்கடல், ஆறும் குளமும் நிரம்பி வரும் வெள்ளம். ஒவ்வொன்றும் வேறுவேறு உருவத்தில், வேறுவேறு வேகத்தில் வரும். படம் நம்பும்படி இருக்கிறதா என்பது காரணமும் உருவமும் பொருந்துகின்றனவா என்பதில் தங்கியிருக்கிறது.

கடலடி நிலநடுக்கத்தில் கடலின் தரையே மேலெழுகிறது. அதற்கு மேலே நிற்கும் தண்ணீர் முழுவதும், அடியிலிருந்து மேற்பரப்பு வரை, சேர்ந்து அசைகிறது. அதனால் பிறக்கும் அலை மிக நீளமானது; ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகட்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் இருக்கலாம். ஆனால் ஆழ்கடலில் உயரம் மிகக் குறைவு. 2004இல் இந்து சமுத்திரத்தின் நடுவே சென்ற அலையைச் செய்மதி அளந்தபோது கிடைத்த உயரம் ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர். அந்த நேரம் ஆழ்கடலில் வள்ளத்தில் நின்றவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. கரைக்கு வந்து ஆழம் குறையும்போதுதான் அலை குறுகி உயர்கிறது.

இதை வைத்தே ஒரு படத்தைச் சோதிக்கலாம். 1972இல் வந்த 'தி பொசைடன் அட்வென்ச்சர்' படத்தில் கடலடி நடுக்கத்தால் எழுந்த சுனாமி ஒரு பயணிகள் கப்பலை நடுக்கடலில் குப்புறக் கவிழ்க்கிறது. அது நடக்காது. 2006இல் அதே கதையை 'பொசைடன்' என்று மீண்டும் எடுத்தபோது காரணத்தை மாற்றினார்கள்: திடீரென்று எழும் தனிப் பேரலை. இது உண்மையில் உள்ள விடயம். 1995 ஜனவரி 1ஆம் திகதி நோர்வேயின் வடகடலில் உள்ள ட்ரௌப்னர் எரிவாயு மேடையில் அப்படியான ஓர் அலை 25 மீற்றருக்கு மேலாகப் பதிவானது. ஆக, காரணத்தில் புதிய படம் ஒரு படி முன்னே நிற்கிறது. மனிதர்களைக் காட்டுவதில் பழைய படமே மேல்.

மலைச்சரிவால் வரும் அலை இதற்கு நேர்மாறானது. ஒடுங்கிய நீர்நிலைக்குள் பாறை விழும்போது தண்ணீர் செங்குத்தாக, மிக உயரமாக எழும்பும். தூரம் போகப்போக விரைவாகத் தணியும். 1958 ஜூலை 9ஆம் திகதி அலாஸ்காவின் லிற்றூயா குடாவில் நிலநடுக்கத்தால் பாறைச்சரிவு விழுந்தபோது, எதிர்ப்பக்க மலையில் 524 மீற்றர் உயரம் வரை தண்ணீர் ஏறி மரங்களை உரித்துக்கொண்டு போனது. இது தண்ணீர் சரிவில் ஏறிய உயரம். குடாவுக்குள் ஓடிய அலை அவ்வளவு உயரம் இல்லை. படவிளம்பரங்கள் இந்த இரண்டையும் அடிக்கடி குழப்பிவிடுகின்றன. எனவே திரையில் 80 மீற்றர் அலை வந்தால் உடனே பொய் என்று சொல்லிவிட வேண்டாம். காரணம் நிலநடுக்கமா, சரிவா என்று பாருங்கள். ஒரு படத்தில் பிழையான அதே காட்சி இன்னொரு படத்தில் சரியாக இருக்கும்.

கதைச்சுருக்கம் 'மர்மமான பேரலை' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், படம் எடுத்தவர்களும் காரணத்தைப் பற்றி யோசிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மணிக்கூடு

நல்ல வெள்ளப் படத்தின் திகில் நேரத்தில் இருக்கிறது. எத்தனை நிமிடம் மிச்சம் இருக்கிறது, அதற்குள் யார் எங்கே போகலாம் என்பதுதான் நெஞ்சைப் பிடிக்கும். நேரத்தை நீங்களே சரிபார்க்கலாம். சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது:

v = √(g × h)

g என்பது 9.8, h என்பது மீற்றரில் ஆழம், விடை ஒரு விநாடிக்கு எத்தனை மீற்றர் என்று வரும். அதை 3.6ஆல் பெருக்கினால் மணிக்குக் கிலோமீற்றர். ஆழம் 4000 மீற்றர் என்றால் வேகம் மணிக்கு ஏறக்குறைய 710 கிலோமீற்றர், பயணிகள் விமானத்துக்குக் கிட்டிய வேகம். 100 மீற்றர் ஆழத்தில் 113. 10 மீற்றர் ஆழத்தில் 36. கரைக்கு ஏறிய பிறகு இன்னும் குறையும், ஆனாலும் ஓடுகிற ஆளை எட்டிப் பிடிக்கப் போதும்.

2004இல் நடந்ததை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். நிலநடுக்கம் சுமாத்திராவுக்கு மேற்கே. தாய்லாந்தின் கரை கிட்ட இருந்தது, எங்களுடைய கிழக்குக் கரை ஏறக்குறைய 1600 கிலோமீற்றர் தள்ளி இருந்தது. ஆனாலும் இரண்டு பக்கமும் அலை போய்ச்சேர ஏறக்குறைய இரண்டு மணித்தியாலம் எடுத்தது. வங்காள விரிகுடா ஆழம், அந்தமான் கடலின் தாய்லாந்துப் பக்கம் ஆழம் குறைவு என்பதே காரணம். படத்தில் நடுக்கம் வந்து இரண்டாம் நிமிடம் தூரக்கரையில் அலை நின்றால், கதாசிரியர் இந்தக் கணக்கைப் பார்க்கவே இல்லை.

கடல் உள்வாங்குவதையும் இங்கே கவனிக்க வேண்டும். அலைக்கு முன்னர் கடல் கட்டாயம் பின்வாங்கும் என்று பல படங்கள் காட்டுகின்றன. அது பாதி உண்மை. அன்று கடற்தரை மேற்குப் பக்கம் உயர்ந்தது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்துப் பக்கம் கடல் முதலில் வற்றியது. இலங்கை, இந்தியப் பக்கம் முதலில் ஏறியது, வற்றியது பிறகு. முல்லைத்தீவில் கண்டவர் ஒருவர் படத்தைப் பார்த்து 'இப்படி நடக்கவில்லையே' என்று சொன்னால் படம் பொய் என்று முடிவெடுக்க வேண்டாம். கதை எந்தக் கரையில் நடக்கிறது என்று முதலில் பாருங்கள்.

'சான் அன்ட்ரியாஸ்' (2015) இந்தச் சோதனையில் தோற்கும் படம். படத்தின் பெயரிலுள்ள கலிபோர்னிய நிலப்பிளவு பெரும்பாலும் தரைக்குள்ளால் போகிறது; இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசுகின்றன. தண்ணீரை மேலே தூக்கும் அசைவு அங்கே இல்லை. அந்தப் பிளவு முறிந்து சான் பிரான்சிஸ்கோவை மூடும் சுனாமி எழாது. படத்தில் சொல்லப்படும் 9க்கு மேற்பட்ட அளவும் அந்தப் பிளவால் தர முடியாதது. வானளாவிய கட்டடங்கள் சரிவதைப் பெரிய திரையில் பார்க்கும் ஆசைக்கு அது போதும். விஞ்ஞானமும் வேண்டும் என்பவர் தள்ளிவைக்கலாம்.

ட்ரெய்லரைச் சத்தமில்லாமல் பாருங்கள்

ட்ரெய்லரின் இசை உங்களை ஏமாற்றுவதற்காகவே சேர்க்கப்பட்டது. சத்தத்தை நிறுத்துங்கள். யூரியூப்பில் ஓட்ட வேகத்தை 0.5 ஆக்குங்கள். அலை வரும் காட்சியை மட்டும் இரண்டு மூன்று தரம் பார்த்தால் போதும்.

முதலில் தண்ணீரின் நிறம். வெயில் ஊடுருவும் நீலப் பச்சையாய், மேலே சுருண்டு, கண்ணாடி மாதிரி வந்தால் அது கடற்கரையில் தினமும் உடையும் அலையைப் பெருப்பித்த படம். தரைக்கு ஏறும் சுனாமி அடிமண்ணைக் கிளறிக்கொண்டு வரும்; நிறம் கபிலம் அல்லது கறுப்பு. முன்பக்கம் நுரையும் குப்பையுமாய்ச் சிதைந்திருக்கும். ஆழம் குறைந்த கரையில் நுரைச்சுவராக உடைந்து வருவதும் உண்டு, அதைப் பிழை என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது, முன்பக்கம் கடந்த பிறகு என்ன நடக்கிறது என்று விநாடி எண்ணிப் பாருங்கள். சாதாரண கடலலை பத்துப் பதினைந்து விநாடிக்குள் வந்து திரும்பிவிடும். சுனாமி அப்படியல்ல. இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்தால் கீழே கனகராயன் ஆறு எப்படி நிறுத்தாமல் ஏறிக்கொண்டே போகுமோ அப்படி, பின்னால் வரும் தண்ணீர் ஓயாது; பத்து, இருபது நிமிடம் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். பிறகு அதே வலுவோடு கடலுக்கு இழுக்கும். பிறகு அடுத்த அலை. ஒரு தரம் அடித்து அரை நிமிடத்தில் ஓய்ந்து, எல்லாரும் எழும்பி உடுப்பைத் தட்டினால் அந்தப் படத்தில் சுனாமி இல்லை.

மூன்றாவது, தண்ணீருக்குள் என்ன இருக்கிறது? ஒரு கனமீற்றர் தண்ணீரின் எடை ஒரு தொன். முழங்கால் அளவு வேகமாக ஓடும் தண்ணீரே வளர்ந்த ஆளை விழுத்தும். 60 சென்ரிமீற்றர் ஓடும் வெள்ளம் பெரும்பாலான கார்களைக் கொண்டுபோய்விடும். ஆளைக் கொல்வது மூழ்குவது மட்டுமல்ல. தண்ணீரோடு வரும் மரம், தகரம், வாகனம், கொங்கிறீட் துண்டு எல்லாம் ஆளைத் தாக்கும். படத்தில் ஆட்கள் சுத்தமான தண்ணீரில் நீந்திக் கீறல் இல்லாமல் வெளியே வந்தால், தண்ணீரை வெறும் அலங்காரமாக வைத்திருக்கிறார்கள்.

ஒரு படத்தை முழுதாகச் சோதித்துப் பார்ப்போம்

நோர்வேயில் 2015இல் ரோர் உதௌக் இயக்கிய படம், ஆங்கிலத்தில் 'தி வேவ்'. அதே ஆங்கிலப் பெயரில் வேறு படங்களும் இருப்பதால் தேடும்போது Bølgen 2015 என்று அடியுங்கள். புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டிய படம் இதுதான். ஓடும் நேரம் ஒரு மணி முக்கால்.

காரணம்: ஒக்கெர்னெசெற் என்ற மலையில் பெரிய வெடிப்பு ஒன்று இருக்கிறது. இது கற்பனையல்ல. மேற்கு நோர்வேயில் கெய்ராங்கர் என்ற சுற்றுலா ஊருக்கு அண்மையில் உண்மையிலேயே உள்ள மலை அது. வெடிப்பு ஆண்டுதோறும் சில சென்ரிமீற்றர் விரிகிறது. அதை இரவுபகலாக அளக்கிறார்கள். அந்தப் பாறை இடிந்து கீழே உள்ள ஒடுங்கிய கடற்குடாவுக்குள் விழுந்தால் என்ன நடக்கும் என்பதே கதை. அந்தப் பகுதியில் முன்னுதாரணமும் உண்டு: 1934 ஏப்ரல் 7ஆம் திகதி தாஃப்யோர்ட் என்ற இடத்தில் பாறை விழுந்து எழுந்த அலையில் 40 பேர் இறந்தார்கள், தண்ணீர் 60 மீற்றருக்கும் மேலே ஏறியது. எனவே காரணமும் உருவமும் பொருந்துகின்றன. படத்தில் வரும் 80 மீற்றர் அலை மிகைப்படுத்தல் இல்லை.

மணிக்கூடு: பாறை விழுந்ததிலிருந்து அலை ஊரை அடைய 10 நிமிடம். அந்த ஒடுங்கிய குடாவின் ஆழத்துக்கும் தூரத்துக்கும் இது ஏற்கத்தக்க அளவு. படத்தின் பலமும் இந்தப் பத்து நிமிடந்தான். அபாயச் சங்கு ஊதுகிறது. ஒரே ஒரு வீதி. வாகனங்கள் வரிசையில் நிற்கின்றன. 80 மீற்றருக்கு மேலே ஏறினால்தான் தப்பலாம் என்று மலையியலாளருக்குத் தெரியும். காரை விட்டு இறங்கி நடக்கச் சொல்லி அவர் கத்துகிறார். அலையைவிட அந்த வாகன வரிசை கூடிய பயத்தைத் தரும்.

பொய் எங்கே? எச்சரிக்கையில். இப்படி அளக்கப்படும் மலை சில மணித்தியாலத்துக்குள் இடியாது. அசைவு நாட்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில் கூடிக்கொண்டே வரும். ஊரை முன்கூட்டியே வெளியேற்ற நேரம் இருக்கும். படம் அதைச் சுருக்கி, ஒரே நாளுக்குள் எல்லாவற்றையும் முடிக்கிறது. கடைசிப் பகுதியில் ஒரு மீட்புக் காட்சியும் உடல் தாங்கும் எல்லையைக் கொஞ்சம் நீட்டுகிறது. மூச்சு நின்று நான்கைந்து நிமிடத்துக்கு மேல் போனால் மூளை பாதிக்கப்படத் தொடங்கும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

இப்படியான பொய்யை எப்படி மதிப்பிடுவது? நேரத்தைச் சுருக்கும் பொய்யை மன்னிக்கலாம். அது நடக்கக்கூடியதையே விரைவாக்குகிறது. காரணத்தை மாற்றும் பொய்யை மன்னிக்க முடியாது, ஏனென்றால் நடக்கவே முடியாததைக் காட்டிவிட்டு அதை நம்பிப் பயப்படச் சொல்கிறது. முதல்வகைப் பொய் ஒன்றோ இரண்டோ இருக்கும் படத்தைத் தயங்காமல் எடுக்கலாம்.

ஆட்களை எப்படிச் சோதிப்பது

அலை சரியாக இருந்தும் ஆட்கள் மரப்பொம்மைகளாக இருந்தால் படம் நிற்காது. இதற்கு முதல் பதினைந்து நிமிடத்தைப் பாருங்கள். முக்கியமான ஆள் என்ன வேலை செய்கிறார், அந்த வேலையை அவர் செய்வதை நாம் காண்கிறோமா? 'தி வேவ்' படத்தில் கிறிஸ்டியான் எச்சரிக்கை நிலையத்தில் மலையை அளக்கும் மலையியலாளர். எண்ணெய் நிறுவனமொன்றில் வேலை கிடைத்து ஊரைவிட்டுப் போக வீட்டில் பெட்டிகள் கட்டியாகிவிட்டன. மனைவி இடுன் ஊரின் ஹோட்டலில் வேலை செய்கிறார். அலை வரும் முன்னரே யார் எங்கே இருப்பார், ஏன் இருப்பார் என்று நமக்குத் தெரிகிறது. பிறகு அவர்கள் பிரிவது தற்செயலாகத் தோன்றாது.

அடுத்து, தெரிந்தவர் சொல்லும்போது மற்றவர்கள் ஏன் கேட்கவில்லை? மோசமான படங்களில் மேலதிகாரி முட்டாள் அல்லது காசாசை பிடித்தவர். 'தி வேவ்' படத்தில் சங்கை ஊதத் தயங்குகிறவருக்கு நியாயமான காரணம் இருக்கிறது: சுற்றுலாக் காலம், பொய்யான எச்சரிக்கை கொடுத்தால் அடுத்த தரம் ஒருவரும் நம்பமாட்டார்கள். தயக்கம் புரியும்போது பயம் கூடுகிறது.

பேரிடர்ச் சமூகவியலாளர்கள் பல தசாப்தங்களாகச் சொல்லிவரும் ஒன்றையும் இங்கே கவனிக்கலாம். ஆபத்து வரும்போது ஆட்கள் வெறிபிடித்து ஒருவரையொருவர் மிதித்து ஓடுவது அரிது. கூடுதலாக நடப்பது தாமதந்தான். உண்மையா என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள், பிள்ளையைத் தேடித் திரும்பிப் போவார்கள், ஒரு பொருளை எடுக்க உள்ளே போவார்கள். கூட்டம் அலறி ஓடுவதை மட்டும் காட்டும் படத்தைவிட, ஒருவர் கதவடியில் நின்று யோசிப்பதைக் காட்டும் படத்தை நம்பலாம்.

செய்யும் தெரிவுக்கு விலை இருக்கிறதா என்பதும் முக்கியம். 'சான் அன்ட்ரியாஸ்' கதாநாயகன் தீயணைப்புத் துறையின் மீட்பு ஹெலிகொப்டர் விமானி. நகரம் இடியும்போது அவர் அந்த ஹெலிகொப்டரைத் தன் மனைவியையும் மகளையும் தேடவே எடுத்துக்கொண்டு போகிறார். ஒரு தகப்பன் அப்படிச் செய்யலாம், மனதுக்குப் புரியும். ஆனால் அவர் கைவிட்ட மற்றவர்களைப் பற்றிப் படம் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. அதனால் அவர் ஆளாகத் தெரிவதில்லை.

அதற்கு எதிர்ப்பக்கம் 'தி இம்பொசிபிள்' (2012). ஜே. ஏ. பயோனா இயக்கிய இந்தப் படம் 2004இல் தாய்லாந்தின் காவோ லாக்கில் சுனாமியில் அகப்பட்டுத் தப்பிய ஒரு ஸ்பானியக் குடும்பத்தின் கதை. படத்தில் அவர்களை ஆங்கிலேயராக மாற்றியிருக்கிறார்கள். தாயும் மூத்த மகனும் தண்ணீரிலிருந்து வெளிவந்து நிற்கையில் எங்கோ ஒரு சிறுவன் அழும் குரல் கேட்கிறது. அடுத்த அலை வரலாம், தாயின் கால் கிழிந்திருக்கிறது. மகன் வேண்டாம் என்கிறான், தாய் போகவேண்டும் என்கிறாள். இரண்டு பேரும் சரி. அந்த இடத்தில் எந்தக் கணினி அலையும் இல்லை, ஆனால் படத்தின் மிக இறுக்கமான காட்சி அதுதான்.

கடைசியாகக் காயம். நடுப்படத்தில் பட்ட காயம் கடைசிவரை இருக்கிறதா? 'தி இம்பொசிபிள்' தாயின் காயம் காட்சிக்குக் காட்சி மோசமாகிறது. சேறு படிந்த காயத்தில் கிருமி தொற்றுகிறது, நடை தளர்கிறது, முகம் வெளிறுகிறது. கட்டுப்போட்டவுடன் ஓடத் தொடங்கும் நாயகனை உங்களுக்கே நிறையத் தெரியும்.

யாரோடு இருந்து பார்க்கிறீர்கள்?

'தி இம்பொசிபிள்' சோதனைகளில் எல்லாம் தேறும் படம். அலைக் காட்சிகளில் பெரும்பகுதியை ஸ்பெயினில் பெரிய தொட்டிக்குள் உண்மையான தண்ணீரை ஓடவிட்டே எடுத்தார்கள். அதனால்தான் தண்ணீருக்கு எடை தெரிகிறது. ஒரு குறை உண்டு: தாய்லாந்து மக்கள் பின்னணியிலேயே நிற்கிறார்கள், அழிந்தது அவர்களுடைய ஊர் என்பது குறைவாகவே படுகிறது.

ஆனால் எங்கள் பக்கத்தில் இதைப் போடும் முன் ஒன்றைக் கவனியுங்கள். அலை, படம் தொடங்கிக் கால்மணித்தியாலமளவில் வந்துவிடும். தயாராக நேரம் இல்லை. தண்ணீருக்கடியில் ஆள் புரளும் சத்தம், காயங்கள், ஆஸ்பத்திரி, பெயர்ப்பட்டியல்களில் உறவைத் தேடுதல் எல்லாம் நீண்டு வரும். அன்று ஆட்களை இழந்தவர் அறையில் இருந்தால் இது பொழுதுபோக்கு இல்லை. முதலில் நீங்கள் தனியே முதல் அரைமணித்தியாலத்தைப் பாருங்கள். பிறகு என்ன வரும் என்று அவர்களிடம் நேரே சொல்லி, பார்க்கிறீர்களா என்று கேளுங்கள். டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு போட வேண்டாம். 'தி வேவ்' இந்த விதத்தில் இலகு: இடம் வேறு, மலை வேறு, அலை படத்தின் நடுப்பகுதியில்தான் வருகிறது, அதுவரை எழும்பிப் போக இடமுண்டு.

கடலை விட்டு ஆற்று வெள்ளத்துக்கு வந்தால், ஜூட் ஆன்டனி ஜோசப் இயக்கி 2023இல் வந்த மலையாளப் படம் '2018' இருக்கிறது. 2018 ஓகஸ்ட்டில் கேரளாவை மூடிய வெள்ளம். அந்த மாதம் இடுக்கி அணைத்தொகுதியின் செறுதோணி கதவுகள் 26 ஆண்டுக்குப் பிறகு திறக்கப்பட்டன. மீனவர்கள் தங்கள் வள்ளங்களை லொறிகளில் ஏற்றிக்கொண்டு உள்ளூர்களுக்கு வந்து ஆட்களை மீட்டார்கள். இரண்டும் நடந்தவை. அதே ஆண்டு டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதைக் கண்டவர்களுக்கு இந்தப் படத்தின் மணிக்கூடு உடனே விளங்கும். இதில் தண்ணீர் பாய்ந்து வருவதில்லை, படிப்படியாக ஏறுகிறது. முதலில் முற்றம், பிறகு திண்ணை, பிறகு கட்டில். திகில் மெதுவாக இறுகும், ஆட்கள் நிறையப் பேர், எல்லாரையும் அறிமுகப்படுத்த முதல் ஒரு மணித்தியாலம் போகும். அந்த ஒரு மணித்தியாலத்தில் பொறுமை இழந்து நிறுத்தினால் பின்பாதியில் யார் யாரைத் தேடுகிறார் என்பது உங்களுக்கு ஒட்டாது. சில இடங்களில் உணர்ச்சி இசை தேவைக்கு மேல் ஏறுகிறது.

மூன்றையும் பார்க்கப் போகிறவர் 'தி வேவ்', '2018', 'தி இம்பொசிபிள்' என்ற ஒழுங்கில் பார்ப்பது நல்லது. முதற்படம் மணிக்கூட்டைக் கவனிக்கப் பழக்கும், இரண்டாவது ஒரே நேரத்தில் பல ஆட்களைப் பின்தொடரப் பழக்கும், மூன்றாவதை அதன் பிறகு பார்த்தால் தண்ணீரை விட்டு முகங்களைக் கவனிக்க முடியும். எல்லாவற்றையும் மூல மொழியில், துணையுரையோடு பாருங்கள். டப்பிங் செய்த ஒலியில் மூச்சுத் திணறலும் தயக்கமும் போய்விடும். சங்கு ஊதத் தயங்குகிறவரின் குரல் நடுங்குவதைக் கேட்டால்தான் அந்தக் காட்சி வேலை செய்யும். துணையுரைக் கோப்பைத் தனியாக இறக்கினால், முதல் ஐந்து நிமிடத்தில் ஆளின் உதடும் எழுத்தும் சேர்ந்து வருகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேறு பதிப்புக்கான கோப்பு என்றால் இடைவெளி போகப்போகக் கூடும், அலை வரும் இடத்தில் எழுத்து அரை நிமிடம் பின்னால் நிற்கும். விஎல்சியில் G, H விசைகளால் அதை முன்னும் பின்னும் நகர்த்தலாம். ஆனால் இடைவெளி தொடர்ந்து கூடிக்கொண்டே போனால் அந்தக் கோப்பை விட்டுவிட்டு வேறொன்று எடுங்கள்.